றுமைஸாவின் ஏணியும் ஜெனூபாவின் வாசல் கமராவும்

ஒரு பெண் ஏணி ஏறினால் ஊர் என்ன சொல்லும் என்று கல்முனைக்குடி றுமைஸாவிடம் கேட்டால், "ஊர் எனக்குப் போன் கோல் எடுக்கும்" என்பாள். பொய்யில்லை. வாசல் கமரா அணைந்துவிட்டது, கேட் மணி அடிக்கவில்லை, கதவில் ஒட்டிய சென்சர் சும்மா சும்மா கத்துகிறது என்று ஒரு நாளைக்கு நாலைந்து வீட்டிலிருந்தாவது அவளைக் கூப்பிடுவார்கள். நாற்பத்து மூன்று வயது, கொஞ்சம் பருத்த உடம்பு, அபாயாவுக்குக் கீழே சப்பாத்து. ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் ஒழுங்கையில் நடந்து வந்தால் எதிரே வருகிற சைக்கிள்காரர் இறங்கி நின்றுதான் போகவேண்டும்.

உண்மையில் தொழில் அவளுடைய கணவன் றிம்சானுடையது. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் ஊரிலுள்ள வீட்டைப் பார்க்க ஆசைப்பட்டுக் கமரா வாங்கி அனுப்புவார்கள். பூசி முடித்த சுவரை உடைத்து வயர் இழுக்க யாருக்கும் மனம் வராது. அதனால் பட்டரியில் ஓடுகிற கமராதான் எல்லோருக்கும் விருப்பம். றிம்சான் அதைச் சுவரில் பூட்டிக் கொடுத்துச் சிரித்துக்கொண்டு வருவார். ஒரு மாதம் போனதும் பட்டரி தீரும். அங்கேதான் சிக்கல். பட்டரி தீருகிற நேரம் வீட்டில் ஆண்கள் இருக்கமாட்டார்கள். பெண்கள் மட்டும் இருக்கிற வீட்டுக்குள் றிம்சான் போக முடியாது. அப்படியே யாராவது ஒரு மச்சானைத் தேடிப் பிடித்துத் துணைக்கு நிறுத்தினாலும், நம்முடைய வளவுகள் தோளோடு தோள் முட்டிக் கிடப்பவை. பன்னிரண்டடி உயரத்தில் ஏறி நிற்கிறவன் கண்ணுக்கு நாலு வீட்டுக் குசினிப்பக்கம் தெரியும். ஆகவே ஏறுமுன் நாலு வீட்டுக்கும் குரல் கொடுக்கவேண்டும். குரல் கேட்டதும் பெண்கள் போட்டது போட்டபடி உள்ளே ஓடுவார்கள். ஒரு பட்டரி மாற்றுவதற்குள் ஒரு வீட்டில் சோறு அடிப்பிடிக்கும், இன்னொரு வீட்டில் உலர்த்திய மிளகாயைக் காகம் கிளறும். பிறகு அந்த ஏச்சும் றிம்சானுக்குத்தான்.

போதாததற்கு றிம்சானுக்கு உயரம் ஆகாது. ஏழாவது படியில் கால் வைத்ததும் சாகப்போகிறவர் மாதிரிக் கலிமாச் சொல்லத் தொடங்கிவிடுவார். "நீங்க இறங்குங்க, நான் பாக்கிறன்" என்று ஒரு நாள் றுமைஸா ஏணியைப் பிடுங்கியதுதான் தொடக்கம். பெண் என்பதால் எந்த வீட்டுக்குள்ளும் போகலாம். மேலே நின்று, "நான்தான் றுமைஸா, ஒருத்தரும் ஓடாதீங்க!" என்று கத்தினால் போதும். மிளகாய் தப்பிவிடும்.

ஆனால் ஏணியைத் தோளில் போட்ட அன்றே அவள் ஒரு முடிவெடுத்துவிட்டாள். ஒரு கமராவுக்கு ஒரு தரம்தான் ஏறுவது. சார்ஜுக்காக மறுபடி மறுபடி ஏறுகிறவள் தொழில்காரியல்ல, குரங்கு என்பது அவள் கட்சி. ஆகவே ஏறுகிற அந்த ஒரு தரத்திலேயே கமராவின் சார்ஜ் துவாரத்திலிருந்து ஒரு கேபிளைச் சுவரோடு சேர்த்து நெஞ்சளவு உயரத்துக்கு இறக்கிவிடுவாள். கேபிள் கமராவுக்குள் நுழையுமிடத்தில் கீழே தொங்குகிற மாதிரி ஒரு வளைவு விடுவாள். மழைத்தண்ணீர் வயரில் வழிந்து உள்ளே போகாமல் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். கீழ் முனையை மூடியுள்ள ஒரு சின்னப் பெட்டிக்குள் வைப்பாள். கடல்காற்றில் செம்பு பச்சை பிடிக்கும் என்பதால் அந்த மூடியின் ரப்பர் விஷயத்தில் மட்டும் அவள் யாரோடும் சமாதானம் பேசமாட்டாள். வெயில் காலத்தில் மதிலின் மேல் பூட்டிய ஒரு சின்னச் சோலார் தட்டின் வயர் அந்தப் பெட்டிக்குள் வந்து சேரும். மார்கழி மழை பிடித்தால் சோலாரைக் கழற்றிவிட்டு ஒரு பவர் பேங்கைச் செருகி வைத்தால் சரி. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே செய்யலாம்.

முதல் முதலில் எட்டு மீட்டர் மெல்லிய கேபிள் போட்டு மூக்குடைபட்டதையும் அவள் மறைக்கமாட்டாள். அவ்வளவு தூரம் மெல்லிய வயரில் ஓடிக் களைத்த கரண்ட் கமராவுக்குப் போய்ச் சேருமுன் பாதியாகிவிட்டது. நாள் முழுக்கச் செருகியிருந்தும் சார்ஜ் ஏறவில்லை. அன்றிலிருந்து தடித்த வயர், நாலு மீட்டருக்கு மேல் இல்லை. கேட் மணிகளுக்கு இரண்டிரண்டு பட்டரி, ஒன்று மணிக்குள், ஒன்று சார்ஜில். கதவுச் சென்சர்களின் காசு மாதிரியான பட்டரிகள் ஒரு வருடத்துக்கு மேலேயே தாங்கும். அவற்றை நோன்பு வருமுன் ஊரெல்லாம் வீடு கழுவுகிற நாட்களில் ஒரேயடியாக மாற்றிவிடுவாள். அந்த நாட்களில் எப்படியும் எல்லா வீட்டுக் கதவும் திறந்துதானே கிடக்கும்.

இப்படி யாருக்கும் தலைவணங்காமல் திரிந்தவளைத்தான் ஜெனூபாவின் கமரா ஒரு வாரம் தூங்கவிடாமல் அடித்தது.

ஜெனூபாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில் அவளுடைய சீதன வீடு. கணவர் தபாற்கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வைகாசி மாதத்தில் ஒரு காலை சுபஹ் தொழுதுவிட்டு வந்து படுத்தவர் எழும்பவில்லை. அன்று பின்னேரம் அஸர் தொழுகையோடேயே அடக்கினார்கள். ஒரே மகன் றஊப் டோஹாவில். விமானம் பிடித்து வருவதற்கிடையில் எல்லாம் முடிந்துவிடும் என்று தெரிந்து அங்கேயே இருந்துவிட்டான். வாப்பாவின் முகம் பார்க்கவில்லை. ஜெனூபா இத்தா இருக்கத் தொடங்கினாள். நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுப்போடு, அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல், கணவரோடு வாழ்ந்த அதே வீட்டில்.

மகன் ஒரு கமராவைச் சித்தப்பா முத்தலிபுக்கு அனுப்பி வைத்தான். முத்தலிப் இறந்தவரின் தம்பி, நல்ல மனிதர். தன் மூத்த மகனைக் கூட்டிவந்து கமராவை முன்சுவரில் உயரமாகப் பூட்டினார். உள்வாசலும் முன்விறாந்தையும் கேட்டும் அதில் தெரியும். பட்டரி கழற்ற முடியாத வகை, சார்ஜுக்கு முழுக் கமராவையும் இறக்கவேண்டும். அந்தக் கமரா நாலு நாளில் செத்தது. சார்ஜ் பண்ணிப் பூட்டினார்கள். மறுபடி நாலு நாள். இத்தா வீட்டில் மாதத்தில் ஏழெட்டுத் தரம் ஏணி வைத்தால் எப்படியிருக்கும்? ஒவ்வொரு தரமும் ஜெனூபா பின்அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டு ஆண்களும் வெளியேறும்வரை இருக்கவேண்டும். பக்கத்து வளவில் கள்ளன் தண்ணீர் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போனதும் அந்த நாட்களில்தான், அதுவும் கமரா செத்துக் கிடந்த ஒரு பொழுதில்.

றஊப் ஒற்றைக் காலில் நின்றுவிட்டான். கமரா இனி ஒரு தரம் செத்தால் உம்மா அங்கே தனியாக இருக்கக்கூடாது, நிந்தவூருக்குப் போகவேண்டும். நிந்தவூரில் இருப்பது அவன் மனைவியின் வீடு.

இதன் பாரம் வெளியூர்க்காரருக்கு விளங்காது. நம்மிடம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். மாப்பிள்ளையின் உம்மா, மருமகளின் சீதன வீட்டில் போய்க் குடியிருப்பதென்றால், அதுவும் இத்தாவை இடையில் எடுத்துக்கொண்டு போவதென்றால், ஜெனூபாவுக்கு அது கணவரின் சாவுக்குப் பின் இன்னொரு மௌத்து.

"பயம் இரிக்கிற இடத்தால மாறலாம் எண்டு மௌலவி சொல்லித்தாரே எண்டு முத்தலிப் சொல்லி அனுப்பியிரிக்காரு புள்ள" என்று, றுமைஸாவைக் கூப்பிட்டனுப்பிச் சொன்னாள் ஜெனூபா. "எனக்குப் பயமில்லையே. ராவையில அடுத்த வீட்டு மூத்தம்மாவும் துணைக்கி வந்து படுக்கிறா. அவர் கடைசியாப் படுத்த கட்டில் இஞ்ச இரிக்கி. நான் அத உட்டுட்டு எங்க போற?"

"நீங்க ஒரு இடமும் போகமாட்டீங்க மாமி" என்றாள் றுமைஸா. "நானொருத்தி இரிக்கன்."

அன்று சனிக்கிழமை. கமராவை இறக்கி நூறு வீதம் சார்ஜ் ஏற்றிப் பூட்டினாள். கேபிளை இறக்கினாள், பெட்டி வைத்தாள். மதிலின் மேல் தென்னோலை நிழல் ஒரு விரலளவும் விழாத இடமாகப் பார்த்துச் சோலாரைப் பூட்டினாள். தட்டின் ஒரு மூலையில் நிழல் விழுந்தாலும் மொத்தத் தட்டும் சோர்ந்துவிடும். ஒழுங்கையில் போகிற மாடும் ஆட்டோவும் கமராவை எழுப்பாதபடி, கேட்டுக்கு உட்பக்கம் மட்டும் பார்க்கச் சொல்லி எல்லை போட்டாள். உள்ளறையிலிருந்த வைஃபை பெட்டியை முன்யன்னலுக்கு மாற்றினாள். சிக்னல் தேடி அலைகிற கமராவும் பட்டரியைத் தின்னும். கச்சான் காற்று வீசுகிற காலமாதலால் தட்டில் படிகிற மணலைத் துடைக்க ஒரு நீளத் தடியில் துணி சுற்றிக் கையில் கொடுத்தாள். எல்லாம் முடித்துத் தேத்தண்ணி குடிக்கும்போது அவளுக்கே தன்மேல் ஒரு மதிப்பு வந்தது.

ஞாயிறு எண்பத்தாறு வீதம். திங்கள் எழுபத்திரண்டு. செவ்வாய் ஐம்பத்தெட்டு.

ஆடி வெயில் மண்டையைப் பிளக்கிறது, சோலார் தட்டைத் தொட்டால் கை சுடுகிறது, சார்ஜ் மட்டும் கழுதை தேய்ந்து கட்டெறும்பாகிற மாதிரி இறங்குகிறது. பவர் பேங்க் மழைக்காலத்துக்குத்தான், இந்த வெயிலில் பெட்டிக்குள் வைத்தால் ஊதிவிடும். இந்தக் கணக்கில் சனிக்கிழமைக்குள் கமரா சாகும், ஜெனூபா நிந்தவூர் போவாள். றுமைஸாவுக்கு வெட்கமும் கோபமும் ஒன்றாக வந்தன. தன் வாயால் சொன்ன வார்த்தை அல்லவா.

"பட்டரி பழுதா இரிக்கும். வேற கமரா வாங்கச் சொல்லுவமே" என்றார் றிம்சான்.

"பழுதெண்டா சார்ஜ் ஒழுங்கா இறங்காது. இது தினம் பதினாலு, பதினாலு எண்டு எறங்கிது. யாரோ ஒழுங்காத் தின்னிறாங்க" என்றாள் அவள்.

செவ்வாய் பின்னேரம் றஊபிடம் அனுமதி கேட்டு, அவனுடைய கணக்கைத் தன் போனில் திறந்தாள். ஆள் நடமாட்டத்தைக் கண்டு கமரா தானாக எழும்பியது அன்றைக்கு ஒன்பதே தரம். ஒன்பது தரம் எழும்பினால் சோலார் அதை விளையாட்டாக ஈடுகட்டிவிடும். பட்டியலை இன்னும் கீழே தள்ளினாள். நேரடியாகப் பார்த்தது, நேரடியாகப் பார்த்தது, நேரடியாகப் பார்த்தது. விரல் வலிக்கிற வரைக்கும் அதேதான். எண்ணினாள். எழுபத்தொரு தரம். முந்தின நாள் அறுபத்தெட்டு.

முதலில் முத்தலிபைக் கேட்டாள். ஏனென்றால் அவர் போனிலும் அவர் மூத்த மகன் போனிலும் அந்தக் கமரா இருந்தது.

"நான் ராவையில ஒருக்காத் திறந்து கேட் பூட்டா எண்டு பாப்பன் தங்கச்சி. மகன் பாக்கிறதே இல்ல" என்றார் அவர்.

பிறகு டோஹாவுக்கு எடுத்தாள்.

"தம்பி, இந்தக் கமரா தூங்கிற சாமான். ஆள் வந்தா தானா எழும்பி ஒங்களுக்குச் சொல்லும், மறுகாத் தூங்கும். அதனாலதான் அதுக்குச் சின்னப் பட்டரி போதும். நீங்க ஒரு நாளைக்கி எழுவது தரம் தட்டி எழுப்பி வெச்சிப் பாக்கிறீங்க. எந்தச் சோலார் தாங்கும்? ஒங்கட உம்மாவ நிந்தவூருக்கு அனுப்பிறது கள்ளனுமில்ல, கமராவுமில்ல. நீங்கதான்."

கொஞ்சம் காரமாகத்தான் சொன்னாள்.

"உம்மாவக் காணல்ல ராத்தா" என்றான் றஊப்.

"என்ன தம்பி?"

"ரெண்டு மாசமா ஒரு தரமும் காணல்ல. விறாந்த தெரியிது, கதிர தெரியிது. உம்மா அந்தக் கதிரையிலதானே எப்பயும் இரிப்பா? ஒரு தரமாச்சும் வந்து இரிப்பா எண்டுதான் திறக்கிற. கோல் எடுத்தா, நல்லா இரிக்கன் மகன், நல்லா இரிக்கன் மகன். வாப்பாவும் மௌத்துக்கு முதல் நாள் ராவு என்னோட கதைக்கக்குள்ள நல்லா இரிக்கன் எண்டுதான் சொன்னாரு. உம்மாக்கு ஏதும் வருத்தமா? சொல்லுங்க ராத்தா, என்னட்ட மறைக்கிறாங்களா?"

றுமைஸா சற்றுமுன் ஏசிய குரலை இறக்கி, "இரிங்க தம்பி, நான் நேரில பாத்திட்டுச் சொல்றன்" என்றாள்.

அடுத்த நாள் காலை ஜெனூபாவின் குசினியில் போய் இருந்தாள். ஜெனூபா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு வருத்தமும் இல்லை.

"மாமி, நீங்க ஏன் முன்விறாந்தைக்கி வாறல்ல?"

ஜெனூபா சுளகை நிறுத்தினாள். "எப்பிடி வாற? அந்தக் கமராவுல தெரியிறதெல்லாம் முத்தலிப்ட போன்லயும் தெரியுமாம், அவன்ட மகன்ட போன்லயும் தெரியுமாம். இத்தா இரிக்கிற நான் மச்சினன்ட கண்ணுல படலாமா புள்ள? அது பூட்டின நாளில இரிந்து நான் முன்பக்கம் போறல்ல. உடுப்புக் காயப்போடுறதும் பின்னாலதான். ஒருத்தருக்கிட்டயும் சொல்லல்ல. எனக்காகச் செஞ்ச பிள்ளட மனசு நோகும்."

றுமைஸா சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண் கலங்கியது. இத்தாவுக்குப் பங்கம் வரக்கூடாதென்று தாய் ஒளிந்தாள். ஒளிந்த தாயைத் தேடித் தேடி மகன் பட்டரியைத் தீர்த்தான். பட்டரி தீர்ந்தால் இத்தா வீடே போகப் பார்த்தது. இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் உயிரை வைத்திருந்தார்கள். அதைத் தவிர இதில் யார் பிழையும் இல்லை.

"நான் வீடியோக் கோல் போட்டுத் தரட்டா? என்ட போனால?" என்று கேட்டாள்.

"வேணாம்." ஜெனூபா பதறிவிட்டாள். "முகம் பாத்துக் கதைச்சா நான் அழுதிருவன். நான் அழுதா அவன் வேலைய உட்டுட்டு வந்திருவான். கடனாளியாப் போவான்."

"கதைக்க வேணாம். சும்மா கதிரையில வந்து இரிக்க ஏலுமா? அவன் மட்டும் பாக்கிறான் எண்டா?"

ஜெனூபா சுளகை மறுபடி கையில் எடுத்தாள். "சும்மா எண்டா இரிக்கலாம்" என்றாள்.

அதற்குப் பிறகு வேலை றுமைஸாவின் கையில். குசினியில் இருந்தபடியே முத்தலிபுக்கு விஷயத்தைச் சொன்னாள். அவர், "யா அல்லாஹ், இத நானெல்லவா முதல்ல யோசிச்சிரிக்கணும்" என்று இரண்டு தரம் சொன்னார். மதினியின் முன் நேரிலே நின்றுவிட்ட மாதிரிக் கூச்சப்பட்டு, தன் போனிலிருந்தும் மகன் போனிலிருந்தும் கமராவை அப்போதே அழிக்கச் சம்மதித்தார். றஊப் கடவுச்சொல்லை மாற்றினான். யாராவது கேட்டுக்குள் வந்தால் கமரா அவனுக்குச் சொல்லும், அவன் சித்தப்பாவுக்குக் கோல் எடுப்பான். அது போதும். உம்மா தினமும் அஸர் தொழுதுவிட்டு ஐந்து நிமிடம் வந்து இருப்பா, அந்த ஐந்து நிமிடம் தவிர வேறு நேரம் திறக்கக்கூடாது என்று றுமைஸா அவனிடம் வாக்கு வாங்கினாள்.

"வல்லாஹி திறக்கமாட்டன் ராத்தா" என்றான்.

புதன்கிழமை அஸருக்குப் பிறகு ஜெனூபா இரண்டு மாதத்துக்குப் பின் முன்விறாந்தைக்கு வந்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். வெயில் கண்ணில் குத்தியதோ என்னவோ, கண்ணை இடுக்கிக்கொண்டு கமராவைப் பார்த்தாள். அதன் அடியில் சின்ன நீல வெளிச்சம் எரிந்தது. யாராவது நேரடியாகப் பார்க்கும்போதுதான் அது எரியும். ஜெனூபா கதிரையில் இருந்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டு, கடவுச்சீட்டுக்குப் படம் பிடிக்கப் போனவள் மாதிரி அசையாமல் இருந்தாள். ஐந்து நிமிடத்தில் வெளிச்சம் அணைந்தது.

வியாழன் காலை றுமைஸா சார்ஜைப் பார்த்தாள். புதன் காலையில் நாற்பத்து நாலாக இருந்தது நாற்பத்தொன்பது. வெள்ளி ஐம்பத்துநாலு. நேரடியாகப் பார்த்தது ஒரு நாளைக்கு ஒன்று. தன் போனை றிம்சானின் மூக்குக்கு நேரே பிடித்துக் காட்டினாள். அவர், "நான்தானே சொன்னன் பட்டரி நல்லம் எண்டு" என்றார். அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு றஊப் முத்தலிபுக்குக் கோல் எடுத்து, நிந்தவூரில் ஒழுங்கு பண்ணிய அறை தேவையில்லை, உம்மா இத்தாவை அவ வீட்டிலேயே முடிக்கட்டும் என்று சொல்லிவிட்டான். முத்தலிப் அதை ஜெனூபாவுக்குச் சொல்லி அனுப்பினார். அவள் எழும்பிப் போய்க் கணவரின் கட்டில் விரிப்பை உதறி, மறுபடி விரித்து, சுருக்கம் நீக்கினாள்.

அன்று அஸருக்கும் றுமைஸா போயிருந்தாள். மதிலருகே நின்று சோலார் தட்டின் மணலைத் தடியால் துடைத்துக்கொண்டிருந்தாள். ஜெனூபா கதிரையில் வந்து இருந்தாள், நீல வெளிச்சம் எரிந்தது. இன்றைக்கு அவள் அசையாமல் இருக்கவில்லை. ஒரு தட்டில் முருங்கைக்கீரை கொண்டுவந்து ஆய்ந்துகொண்டிருந்தாள், மகன் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிற வழமையான பின்னேரம் போல. ஐந்து நிமிடம் போனது. பத்து நிமிடம் போனது. கீரை முடிந்தது. வெளிச்சம் அணையவில்லை.

"இன்னும் பாக்கிறானா புள்ள?" என்று தலையைத் தூக்காமல் கேட்டாள் ஜெனூபா.

"ஓம் மாமி."

"சார்ஜ் குறைஞ்சிருமே."

றுமைஸா தடியை மதிலில் சாய்த்து வைத்தாள்.

"குறையட்டும் மாமி. நாளைக்கி வெயில் இரிக்கி."